வட்டத்திலிருந்து சிறகு: ஜூகோவ்ஸ்கி உருமாற்றம்

w = z + 1/z என்னும் சூத்திரம் ஒரு கலப்பெண்ணுடன் அதன் தலைகீழியைக் கூட்டுகிறது. z என்பது ஒரு தளத்தில் உள்ள புள்ளி. w என்பது இன்னொரு தளத்தில் உள்ள புள்ளி. முதல் தளத்தில் ஒரு வட்டத்தைச் சரியான இடத்தில் வரைந்து, அதன் ஒவ்வொரு புள்ளியையும் இச்சூத்திரத்தின் வழியே அனுப்பினால், இரண்டாம் தளத்தில் விமானச் சிறகைக் குறுக்கே வெட்டியதுபோன்ற வடிவம் கிடைக்கும். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் ஊசிமுனை, மேற்பரப்பு குவிந்தது, கீழ்ப்பரப்பு சற்றே குழிந்தது. வடிவத்தோடு காற்றோட்டமும் கூடவே மாறிவருவதுதான் இதன் பயன். வட்டத்தைச் சுற்றிய ஓட்டத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே துல்லியமான விடை இருந்தது. சிறகைச் சுற்றிய ஓட்டத்துக்கு இல்லை. முன்னதிலிருந்து பின்னதைப் பெறும் வழியே இவ்வத்தியாயத்தின் பொருள்.

சூத்திரத்தின் இயல்பை எளிய வட்டம் ஒன்றைக்கொண்டே காணலாம். மையம் ஆதியிலும் ஆரம் 1 ஆகவும் உள்ள ஓரலகு வட்டத்தில், θ கோணத்தில் உள்ள புள்ளியின் தலைகீழி என்பது −θ கோணத்தில் உள்ள புள்ளி. இரண்டையும் கூட்டும்போது கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன; மிஞ்சுவது 2 cos θ. ஆக வட்டம் முழுவதும் தட்டையாகி, −2 முதல் 2 வரையுள்ள நேர்க்கோட்டுத் துண்டாகிவிடுகிறது. மேல் அரைவட்டம் அத்துண்டின் மேற்பக்கம், கீழ் அரைவட்டம் அதன் கீழ்ப்பக்கம். வட்டத்துக்கு வெளியே உள்ள தளம், துண்டைத் தவிர்த்த முழுத் தளமாகப் பரவிவிடுகிறது. ஆதியிலிருந்து மிகத் தொலைவில் 1/z புறக்கணிக்கத்தக்க அளவுக்குச் சிறிதாகிவிடுவதால், அங்கே z-உம் w-உம் ஏறக்குறைய ஒன்றே. தொலைவில் வரும் காற்றின் வேகமும் திசையும் உருமாற்றத்தால் மாறுவதில்லை என்பது இதன் பொருள். பின்னால் வரும் கணக்குகள் அனைத்தும் இதை நம்பியே நிற்கின்றன.

அதே மையத்தில் ஆரத்தை 1-ஐவிடப் பெரிதாக்கினால் நீள்வட்டம் கிடைக்கும். அதற்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. சிறகு பிறக்க வட்டத்தின் மையம் ஆதியைவிட்டு நகர வேண்டும். ஆனால் அந்த நகர்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வட்டம் z = 1 என்னும் புள்ளி வழியாகச் செல்ல வேண்டும்.

காரணம் கோணங்களில் இருக்கிறது. வகையிடத்தக்க கலப்பெண் சார்பு, தன் வகைக்கெழு பூச்சியமாக இல்லாத இடங்களில், கோணங்களைக் காக்கும். இரு கோடுகள் ஒரு புள்ளியில் 40° கோணத்தில் வெட்டினால், அவற்றின் பிம்பங்களும் 40° கோணத்திலேயே வெட்டும். சிறு சதுரங்கள் பெரிதாகலாம், சிறுக்கலாம், திரும்பலாம், ஆனால் சதுரங்களாகவே இருக்கும். z + 1/z-இன் வகைக்கெழு 1 − 1/z². இது z = 1, z = −1 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் பூச்சியமாகிறது. அங்கே நடப்பதைப் பின்வரும் முற்றொருமை தெளிவாக்கும்:

w − 2 = (z − 1)² / z

z = 1-க்கு மிக அருகில் பகுதியிலுள்ள z ஏறக்குறைய 1; ஆகவே w − 2 என்பது (z − 1)-இன் வர்க்கம். கலப்பெண்ணை வர்க்கமாக்கினால் அதன் கோணம் இரட்டிக்கும். ஒரு வட்டம் 1 வழியாக வழுவழுப்பாகக் கடந்து செல்லும்போது, அதன் வெளிப்புறத்துக்கு அப்புள்ளியில் 180° இடம் இருக்கிறது. இரட்டிப்புக்குப் பின் அது 360°. வெளிப்புறம் முழுச் சுற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டதால், சிறகின் பொருளுக்கு அங்கே கோணமே மிஞ்சவில்லை. மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் ஒன்றையொன்று தொட்டபடி கூர்நுனியில் முடிகின்றன. சிறகின் பின்விளிம்பு இவ்வாறு பிறக்கிறது. மற்றொரு புள்ளியான −1-ஐ வட்டத்தின் உள்ளே விட்டுவிட வேண்டும். அப்போது மூக்கு கூர்மையாகாமல் உருண்டிருக்கும்.

வட்டம் 1 வழியாகச் செல்ல வேண்டும் என்றால், தெரிவு செய்ய எஞ்சுவது அதன் மையம் மட்டுமே. மையத்தை இடப்புறம் நகர்த்தினால் தடிமன் வருகிறது. மேலே நகர்த்தினால் வளைவு வருகிறது. மேலே மட்டும், h அளவுக்கு நகர்த்தினால் வட்டம் 1, −1 இரண்டின் வழியாகவும் செல்லும். பிம்பம் தடிமனே இல்லாத வட்டவில்லாகும். அவ்வில்லின் நாண் 4, நடுவில் உயரம் 2h. இடப்புறம் மட்டும் நகர்த்தினால் மேலும் கீழும் ஒத்த, மீன்போன்ற வடிவம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் முழுச் சிறகு.

ஒரு குறிப்பிட்ட சிறகைக் கடைசிவரை கணக்கிட்டுப் பார்க்கலாம். மையத்தை 0.1 இடப்புறமும் 0.1 மேலேயும் வைப்போம், அதாவது −0.1 + 0.1i. வட்டம் 1 வழியாகச் செல்ல ஆரம் R = √(1.1² + 0.1²) = 1.1045 ஆக இருக்க வேண்டும். மையத்திலிருந்து பார்த்தால், 1 என்னும் புள்ளி கிடைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே தெரியும். அந்தக் கோணத்தை β என்போம். அதன் டேஞ்சன்ட் 0.1/1.1 என்பதால் β = 5.19°. சிறகின் ஏறக்குறைய எல்லா நடத்தைகளும் இந்த ஒரு கோணத்தில் ஒளிந்திருக்கின்றன.

வட்டம் கிடை அச்சை இடப்புறத்தில் −1.2-இல் வெட்டுகிறது. அதன் பிம்பம் −1.2 − 1/1.2 = −2.033. வலப்புறப் புள்ளி 1-இன் பிம்பம் 2. ஆகவே நாணின் நீளம் 4.033. இனி வட்டத்தின் உச்சிப் புள்ளி: z = −0.1 + 1.2045i. அதன் பிம்பம் −0.168 + 0.380i. வட்டத்தின் அடிப்புள்ளி z = −0.1 − 1.0045i, அதன் பிம்பம் −0.198 − 0.019i. வட்டத்தில் 2.2 அலகு இடைவெளியில் இருந்த இரு புள்ளிகள் சிறகில் 0.4 அலகுக்கு நெருங்கிவிட்டன; நாணில் கிட்டத்தட்ட 10 விழுக்காடு. இன்னும் பின்னால் போனால், மையத்திலிருந்து −60° திசையில் உள்ள வட்டப்புள்ளியின் பிம்பம் 0.934 + 0.056i. கீழ்ப்பரப்பு இங்கே நாணுக்கு மேலே ஏறிவிட்டது. முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சிறகுகளில் காணப்படும் அந்தக் குழிந்த அடிப்பரப்பு, இங்கே எந்தத் தனி முயற்சியும் இன்றித் தானாக வருகிறது.

கணினி வருமுன் இக்கணக்கை வரைபலகையில் செய்ய வழி இருந்தது. வட்டத்தின் தலைகீழியும் வட்டமே. ஆகவே z ஒரு வட்டத்தில் நகர, 1/z இன்னொரு சிறிய வட்டத்தில் எதிர்த்திசையில் நகர்கிறது. இரண்டின் ஒத்த புள்ளிகளை வெக்டர்களாகக் கூட்டினால் சிறகு வந்துவிடும். ஜெர்மானியரான எரிக் ட்ரெஃப்ட்ஸ் 1913-இல் காட்டிய வரைமுறை இது. அளவுகோலும் கவராயமும் போதும்.

வடிவம் ஆயிற்று, இனி ஓட்டம். அமுக்கமுடியாத, பாகுநிலை இல்லாத, சுழல் இல்லாத ஓட்டம் ஒரு கலப்பெண் சார்பினால் முழுமையாக விவரிக்கப்படும். அதன் கற்பனைப் பகுதி மாறாதிருக்கும் கோடுகளே ஓட்டக்கோடுகள். z-தளத்தில் ஓர் ஓட்டக்கோட்டின் மீது நின்ற எண்மதிப்பு, w-தளத்திலும் அதன் பிம்பத்தின் மீது அப்படியே நிற்கும். வட்டத்தின் விளிம்பு ஓர் ஓட்டக்கோடு என்றால் சிறகின் விளிம்பும் ஓட்டக்கோடே. காற்று அதனுள் புகாது. மாறுவது வேகம் மட்டும். உருமாற்றம் ஓரிடத்தில் படத்தை எத்தனை மடங்கு இழுத்துப் பெரிதாக்குகிறதோ, அத்தனை மடங்கு வேகம் அங்கே குறையும்:

சிறகின் மீது வேகம் = வட்டத்தின் மீது வேகம் ÷ |1 − 1/z²|

இந்த வகுத்தலில்தான் வில்லங்கம் காத்திருக்கிறது. z = 1-இல் வகுக்கும் எண் பூச்சியம்.

காற்று U வேகத்தில், நாணுக்குக் கீழிருந்து α கோணத்தில் வருவதாகக் கொள்வோம். α-வுக்குத் தாக்குகோணம் என்று பெயர். வட்டத்தின் மீது θ திசையில் உள்ள புள்ளியில் வேகம் 2U sin(θ − α). காற்று வந்து மோதும் இடமும் விட்டுப் போகும் இடமும் நேரெதிரே இருக்கும். இரண்டிலும் வேகம் பூச்சியம் என்பதால் அவற்றைத் தேக்கப் புள்ளிகள் என்பர். α = 5° என்றால் பின்தேக்கப் புள்ளி θ = 5°-இல் இருக்கிறது. ஆனால் சிறகின் வாலாகப்போகும் புள்ளியோ θ = −5.19°-இல். இரண்டும் ஒன்றல்ல. சிறகில் பார்த்தால் பின்தேக்கப் புள்ளி வாலுக்கு முன்னால், மேற்பரப்பில் விழுகிறது. இடைவெளி நாணில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான். ஆனால் அதன் விளைவு பெரிது. கீழ்ப்பரப்பின் வழியே வந்த காற்று கூர்நுனியைச் சுற்றி வளைந்து, முன்னோக்கித் திரும்பி, மேற்பரப்பில் ஏற வேண்டியிருக்கிறது. வட்டத்தின் மீது அப்புள்ளியில் வேகம் பூச்சியமல்ல. வகுக்கும் எண் பூச்சியம். எனவே கூர்நுனியில் வேகம் முடிவிலி. அதோடு இந்த ஓட்டத்தில் தூக்குவிசையும் இல்லை, இழுவிசையும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் டாலம்பேர் கண்டு திகைத்த முரண் இதுவே: இலட்சியத் திரவம் தன்னுள் நகரும் பொருளின் மீது எந்த விசையையும் செலுத்துவதில்லை.

கணிதம் இங்கே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வட்டத்தைச் சுற்றி, எல்லாத் திசையிலும் ஒரே சீரான ஒரு சுழலோட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். விளிம்பு ஓட்டக்கோடாகவே இருக்கும், தொலைவில் காற்று அப்படியே இருக்கும். இச்சேர்க்கையின் அளவைச் சுழற்சி என்பர், குறி Γ. எந்த Γ-வும் சமன்பாடுகளுக்கு உடன்பாடே. வட்டத்துக்கு மட்டும் விடை தேடினால் எந்த Γ சரியானது என்று சொல்ல வழியே இல்லை. சிறகுக்கோ வழி இருக்கிறது: கூர்நுனியில் வேகம் முடிவிலியாகக் கூடாது. பின்தேக்கப் புள்ளியைச் சரியாக θ = −β-வுக்கு இறக்கும் Γ ஒன்றே ஒன்றுதான்:

Γ = 4πUR sin(α + β)

இப்போது கூர்நுனியில் மேலே பூச்சியம், கீழேயும் பூச்சியம். எல்லை எடுத்துப் பார்த்தால் அங்கே வேகம் U cos(α + β)/R. முடிவுள்ள, சாதுவான எண். மேலும் காற்று அங்கே கிடைத்திசையிலிருந்து 2β அளவு கீழ்நோக்கிச் சாய்ந்து, சிறகின் வால் நீட்டும் திசையிலேயே வழுக்கி வெளியேறுகிறது. உருமாற்றம் கோணம் காக்கத் தவறும் ஒரு புள்ளி, பழுது என்று ஒதுக்கத்தக்கதாக முதலில் தோன்றிய அதே புள்ளி, ஓட்டத்தின் விடையைத் தனியொன்றாக்குகிறது. இம்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சூத்திரத்தின் அழகு இரண்டாம்பட்சம்.

இந்நிபந்தனைக்குப் பெயர் தந்தவர் மார்ட்டின் வில்ஹெல்ம் குட்டா. இன்று அவர் பெயர் பெரும்பாலும் வகைக்கெழுச் சமன்பாடுகளின் எண்முறைத் தீர்வான ருங்கே–குட்டா முறையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ஓட்டோ லிலியென்தால் தம் மிதவை விமானங்களில் பயன்படுத்திய வளைந்த சிறகுகள் ஏன் தாங்குகின்றன என்பதை விளக்க, மியூனிக்கில் 1902-இல் அவர் மெல்லிய வட்டவில்லைச் சுற்றிய ஓட்டத்தை ஆராய்ந்தார். மாஸ்கோவில் நிக்கொலாய் ஜூகோவ்ஸ்கி தனிவழியில் வந்து, 1906-இல் சுழற்சிக்கும் தூக்குவிசைக்கும் உள்ள உறவை வெளியிட்டார். சிறகின் ஒரு மீட்டர் அகலத்துக்கான தூக்குவிசை ρUΓ, இதில் ρ காற்றின் அடர்த்தி. சிறகின் வடிவம் இச்சூத்திரத்தில் நேரடியாக வரவே இல்லை. Γ-வைத் தீர்மானிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. தடிமனுள்ள சிறகு வடிவங்களை வட்டத்திலிருந்து பெறும் அவரது கட்டுரை 1910-இல் ஒரு ஜெர்மன் வானூர்தி இதழில் வந்தது. அதே ஆண்டில் அவருடைய மாணவர் செர்கேய் சாப்லிகினும் பின்விளிம்பு நிபந்தனையைத் தெளிவாக எழுதினார். யாருக்கு முதல் உரிமை என்ற வழக்கில் ரஷ்ய நூல்களும் ஜெர்மன் நூல்களும் ஒரே பெயரைச் சொல்வதில்லை. மூவரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

எடுத்துக்கொண்ட சிறகுக்குத் திரும்புவோம். சிறகின் அளவைச் சாராத தூக்குவிசைக் கெழு, 8πR sin(α + β)-ஐ நாணால் வகுத்தால் கிடைக்கும். எண்களை இட்டால் 6.88 sin(α + 5.19°). α பூச்சியமாக, நாண் காற்றுக்கு இணையாகக் கிடக்கும்போதும் கெழு 0.62; வளைவு தரும் கொடை அது. தூக்குவிசை அறவே இல்லாமல்போக மூக்கை 5.19° கீழே சாய்க்க வேண்டும். α = 5°-இல் கெழு 1.22. தட்டையான ஒரு பலகையை அதே 5°-இல் வைத்தால் 0.55 மட்டுமே; வளைவு தூக்குவிசையை இரண்டு மடங்குக்கும் மேலாக்கிவிட்டது. தடிமனின் பங்கு சொற்பம்: சூத்திரத்தின் முன்னால் நிற்கும் எண்ணைப் பலகையின் 6.28-இலிருந்து 6.88-க்கு உயர்த்தியது மட்டுமே. தடிமனின் உண்மையான பணி வேறு. பலகையின் கூரான முன்விளிம்பிலும் வேகம் முடிவிலியாகிறது; அதைத் தவிர்க்க உருண்ட மூக்கு வேண்டும், உருண்ட மூக்குக்குத் தடிமன் வேண்டும்.

தாக்குகோணத்தை அதே 5°-இல் வைத்து, நாணை 1 மீட்டராகவும் காற்றின் வேகத்தை வினாடிக்கு 20 மீட்டராகவும் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1.2 கிலோவாகவும் கொண்டால், Γ = 12.2 ச.மீ./வினாடி. ஒரு மீட்டர் அகலச் சிறகின் தூக்குவிசை 1.2 × 20 × 12.2; ஏறக்குறைய 292 நியூட்டன், அதாவது 30 கிலோ எடையைத் தாங்கும் விசை.

இவ்விசை எங்கிருந்து வருகிறது என்பதையும் வேகச் சூத்திரம் காட்டிக்கொடுக்கும். சுழற்சி சேர்ந்தபின் வட்டத்தின் மீது வேகம் 2U[sin(θ − α) + sin(α + β)]. மூக்கிலிருந்து நாணில் கால்பங்கு தள்ளி, மேற்பரப்பில் விழும் புள்ளி θ = 120°. வட்டத்தில் அங்கே வேகம் 2.167U, உருமாற்றம் அங்கே படத்தை 1.415 மடங்கு பெரிதாக்குவதால், சிறகில் வேகம் 1.53U. θ = −120°-இல், கீழ்ப்பரப்பில், அதே கணக்கு 0.87U தருகிறது. பெர்னூலியின் விதிப்படி, சுற்றுப்புற அழுத்தத்தைவிட மேலே 323 பாஸ்கல் குறைவு, கீழே 60 பாஸ்கல் அதிகம். சிறகைக் காற்று கீழிருந்து தள்ளுவதைவிட மேலிருந்து உறிஞ்சுவதே பெரிது. மேற்காற்றும் கீழ்க்காற்றும் ஒரே நேரத்தில் வாலை அடைய வேண்டியிருப்பதால் மேலே வேகமாகப் போகிறது என்று பாடநூல்களில் இன்னும் காணப்படும் விளக்கத்துக்கு இக்கணக்கில் எந்த இடமும் இல்லை. வேக வேறுபாட்டை உண்டாக்குவது சுழற்சி. சுழற்சியின் அளவைச் சொல்வது பின்விளிம்பு. மேற்காற்று உண்மையில் கீழ்க்காற்றுக்கு முன்பாகவே வாலை அடைந்துவிடும்.

கணினியில் இதைச் செய்பவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. மையத்தை நகர்த்திவிட்டு ஆரத்தை மாற்ற மறந்தால், வட்டம் 1 வழியாகச் செல்லாது. 1 வட்டத்துக்குள்ளே மாட்டிக்கொண்டால் வால் மழுங்கிவிடும். சுழற்சியைத் தீர்மானிக்க முனையே இருக்காது. 1 வட்டத்துக்கு வெளியே விழுந்தால் இன்னும் மோசம்: வடிவம் வாலருகே தன்னைத்தானே வெட்டிக்கொண்டு ஒரு சிறு வளையம் போடும், காற்றின் ஒரே இடத்துக்கு இரண்டு வேகங்கள் வந்து சேரும். வரைபடத்தில் வாலை நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் உடனே தெரிந்துவிடும். இன்னொன்று தலைகீழ்ச் சூத்திரத்தில் இருக்கிறது. w-தளத்தில் ஒரு புள்ளியைக் கொடுத்து z-ஐக் கேட்டால், z² − wz + 1 = 0 என்னும் இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்கள் வரும்; அவற்றின் பெருக்கற்பலன் 1. ஒன்று வட்டத்துக்கு வெளியே, மற்றது உள்ளே. மட்டு மதிப்பு பெரிதாக உள்ளதை எடு என்ற வழக்கமான விதி, மையம் ஆதியில் இருக்கும்போது சரி. இங்கே வட்டத்தின் கீழ்ப்பகுதி ஓரலகு வட்டத்துக்குள்ளே இறங்குவதால், சிறகின் குழிந்த அடிப்பரப்பை ஒட்டி அவ்விதி தவறான மூலத்தைத் தரும். ஓட்டக்கோடுகள் அங்கே அறுந்து தொங்கும். ஆதியிலிருந்தல்ல, வட்டத்தின் மையத்திலிருந்து எது தொலைவோ அதை எடுக்க வேண்டும். அதைவிட எளிய வழி, எல்லாவற்றையும் z-தளத்திலேயே கணக்கிட்டு, கடைசியில் முன்னோக்கி மட்டும் உருமாற்றுவது. ஓட்டக்கோடு வரைய இதுவே போதும்.

இலட்சிய ஓட்டத்தின் கணக்கு உண்மைக் காற்றில் எதுவரை செல்லும் என்பதை 1915-இல் ஆல்பர்ட் பெட்ஸ் கோட்டிங்கன் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார். ஜூகோவ்ஸ்கி வடிவச் சிறகில் அவர் அளந்த தூக்குவிசை கணக்கைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் தாக்குகோணத்தோடு அது ஏறும் போக்கு ஒத்துப்போனது. குறைவுக்குக் காரணம் பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய எல்லைப் படலம். பாகுநிலையால் மெதுவாகிய காற்று மேற்பரப்பில் வாலை நெருங்க நெருங்கத் தடித்து, சிறகின் வடிவத்தையே சற்று மாற்றிவிடுகிறது. சுழற்சி கணக்கிட்ட அளவை எட்டுவதில்லை. இழுவிசை பூச்சியம் என்ற கணக்கின் கூற்றும் இதனால் பொய்த்துவிடுகிறது. முரண் என்னவென்றால், சுழற்சி பிறப்பதற்கே இந்தப் பாகுநிலை தேவை. சிறகு ஓய்விலிருந்து கிளம்பும் கணத்தில் காற்று வாலைச் சுற்றி வளையவே முயல்கிறது. முடியாமல் பிய்த்துக்கொண்டு ஒரு சுழலாகப் பின்தங்குகிறது. அச்சுழலுக்குச் சமமான எதிர்ச்சுழற்சி சிறகில் மிஞ்சுகிறது. குட்டாவின் நிபந்தனை பாகுநிலையின் இந்த வேலையைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவராமல் அதன் முடிவை மட்டும் கடன் வாங்குகிறது.

தாக்குகோணம் ஏறஏறக் கடன் அடைபடாது. சூத்திரம் α + β 90° ஆகும்வரை தூக்குவிசையை உயர்த்திக்கொண்டே போகும். உண்மைச் சிறகோ பெரும்பாலும் 15° அளவிலேயே துவண்டுவிடுகிறது. மேற்பரப்பில் மூக்கருகே மிகவும் தாழ்ந்த அழுத்தம் வாலுக்குள் மீண்டும் ஏற வேண்டும். எல்லைப் படலத்தில் களைத்துப்போன காற்றால் அந்த மேட்டை ஏற முடியாமல் பரப்பை விட்டு விலகுகிறது. விலகல் தொடங்கியபின் இவ்வத்தியாயத்தின் எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

வடிவத்துக்கும் அதற்கே உரிய குறை ஒன்று உண்டு. கூர்நுனி காகிதத்தில் நன்று, பட்டறையில் ஆகாது. 0.1 இடப்புற நகர்வுள்ள ஒத்த வடிவத்தை 1 மீட்டர் நாணில் செய்தால், பெரும தடிமன் 12 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். வாலிலிருந்து 10 சென்டிமீட்டரில் அது 11 மில்லிமீட்டர். 2 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மரத்தாலும் துணியாலும் சிறகு கட்டிய காலத்தில் அது நிற்காது. உலோகத்திலும் அங்கே அசையும் மடிப்புகளைப் பொருத்த இடமில்லை. தடிமன் மிகுந்த இடமும் மூக்கிலிருந்து கால்பங்கில் கட்டிப்போட்டதுபோல நிற்கிறது. தெரிவு செய்ய இரண்டே எண்கள் இருக்கும்போது, வடிவமைப்பாளர் விரும்பும் மற்றவற்றுக்கு இடம் கிடைக்காது.

முனையின் குறையைத் தீர்க்கும் வழி சூத்திரத்தை மாற்றி எழுதும்போது கண்ணில் படும். முன்னர் கண்ட முற்றொருமையை −2-க்கான அதன் இணையால் வகுத்தால்:

(w − 2)/(w + 2) = [(z − 1)/(z + 1)]²

கோணத்தை இரட்டித்தது அந்த அடுக்கு 2. அதை 2-ஐவிடச் சற்றுக் குறைவான n ஆக்கினால் (இடப்பக்கத்து 2-களும் n ஆகும்), வெளிப்புறத்துக்கு 360°-க்குப் பதிலாக n × 180° கிடைக்கும். மீதி சிறகின் வாலுக்கு. n = 1.95 என்றால் வால் 9° ஆப்பு. தியடோர் வான் கார்மானும் ட்ரெஃப்ட்ஸும் 1918-இல் செய்த மாற்றம் இது. சுழற்சிச் சூத்திரம் அப்படியே நிற்கிறது. வாலில் வேகம் மட்டும் மாறுகிறது. எடுத்துக்கொண்ட சிறகின் கூர்நுனியில், α = 5° என்றபோது, 0.89U ஆக இருந்தது, ஆப்பு முனையில் பூச்சியமாகிறது. அதாவது பின்விளிம்பு உண்மையான தேக்கப் புள்ளியாகிவிடுகிறது.

வடிவங்களின் வறுமைக்கு விடை எதிர்த்திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் தேசிய வானூர்தி ஆலோசனைக் குழுவில் பணியாற்றிய தியடோர் தியடோர்சன், 1930-களின் தொடக்கத்தில், வட்டத்திலிருந்து சிறகைச் செய்வதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் எந்தச் சிறகையும் ஜூகோவ்ஸ்கியின் சூத்திரத்தில் பின்னோக்கி ஓட்டினார். w = 2-ஐ வாலருகிலும், w = −2-ஐ மூக்குக்கும் மூக்கின் வளைவு மையத்துக்கும் நடுவிலும் வைத்தால், எந்தச் சாதாரணச் சிறகும் வட்டத்திலிருந்து சிறிதே பிசகிய வளைகோடாகத் திரும்பி வருகிறது. அந்தப் பிசகைத் திருத்த இரண்டாவது உருமாற்றம் ஒன்று வேண்டும். பிசகு சிறிதாக இருப்பதால் அதைத் தோராயத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்தலாம். வழக்கமான சிறகுகளுக்கு ஓரிரு சுற்றிலேயே எண்கள் நிலைத்துவிடுகின்றன. அதன்பின் வட்டத்தின் மீது வேகம், இரண்டு உருமாற்றங்களின் பெருக்கத்தால் வகுத்தல், பெர்னூலி என அதே வழியில் சிறகின் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் கிடைக்கிறது.